ஐந்து சாதத்துக்கு மூன்று தொடுகறி

“என் மகளுக்கு அடுத்த மாதம் வளைகாப்பு. 40 பேர் சாப்பிடுவார்கள், வீட்டிலேயே சமைக்கிறோம். சர்க்கரைப் பொங்கல், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், புளியோதரை, தயிர் சாதம் என்று முடிவு செய்திருக்கிறோம். போன ஆடிப்பெருக்குக்கு இதே சாதங்களோடு வெங்காய ரைத்தா, தேங்காய்ச் சட்னி, இட்லிப் பொடி வைத்தேன். ரைத்தா நீர்த்துப் போய்விட்டது, சட்னி மதியத்துக்குள் ஊசிவிட்டது, பொடியை யாரும் தொடவே இல்லை. எந்தச் சாதத்துக்கு எது பொருந்தும், எவ்வளவு செய்யணும், எப்போது செய்யணும்?”
— ஒரு வாசகி, திருச்சி

அம்மா, நீங்கள் வைத்த மூன்றும் நல்ல பண்டங்கள்தான். மூன்றும் தங்களுக்குச் சேராத சாதத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டன, அவ்வளவுதான். முதலில் அந்தப் பொடியிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதைச் சொன்னால் மற்ற இரண்டும் தானாகப் புரிந்துவிடும்.

இட்லிப் பொடியை நாம் வெறுமனே சாப்பிடுவதில்லை. நல்லெண்ணெயில் குழைக்கிறோம். இட்லியோ ஆவியில் வெந்து ஈரமாக இருக்கிறது. அந்த ஈரத்தில்தான் பொடி ஒட்டிக்கொண்டு ருசி கொடுக்கிறது. எலுமிச்சை சாதத்தையும் புளியோதரையையும் எடுத்துக்கொள்ளுங்கள். சாதத்தை உதிராக வடித்து, தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்டு, எண்ணெய் விட்டுக் கலக்கிறோம். ஒவ்வொரு பருக்கையின் மேலும் எண்ணெய் பூசியிருக்கும். அதன் மேல் பொடியைத் தூவினால் ஒட்டாமல் உதிர்ந்து நிற்கும், வாயில் போட்டால் தொண்டையில் அடைக்கும். போதாக்குறைக்கு, புளியோதரைக்குள் ஏற்கெனவே ஒரு பொடி இருக்கிறது. தனியா, கடலைப்பருப்பு, வெந்தயம், எள், மிளகாய் எல்லாம் வறுத்து அரைத்துப் போட்டுத்தானே கலக்கிறோம்? அதே சாமானில் செய்த இன்னொரு பொடிக்கு அங்கே வேலை இல்லை. உங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் பொடியைத் தொடாததற்குக் காரணம் இவ்வளவுதான்.

நான் விசேஷ வீடுகளுக்குச் சமைக்க வந்த புதிதில் எனக்கும் இது தெரியாது. ஒரு சீமந்தத்தில், சாதம் வறட்சியாக இருக்கிறதே என்று புளியோதரைக்குப் பக்கத்தில் வெங்காயத் தயிர்ப் பச்சடியைத் தாராளமாக வைக்கச் சொன்னேன். பந்தி முடிந்ததும் இலைகளைப் பார்த்தேன். பச்சடித் தண்ணீர் ஓடிப்போய்ப் புளியோதரையை நனைத்து, அது வெளிறிப்போய்க் குழைந்து கிடந்தது. நல்லெண்ணெயும் வெந்தயமும் பெருங்காயமும் சேர்ந்த அந்த வாசனையே போய்விட்டது. பாதி இலைகளில் அந்த மூலை மட்டும் அப்படியே மிச்சம். அன்றையிலிருந்து தொடுகறியை முடிவு செய்யும் முன், அந்தச் சாதத்தை வெறுமனே நாலு வாய் சாப்பிட்டுப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. நாலாவது வாயில் நாக்கு என்ன கேட்கிறது என்று தெரிந்துவிடும். அதைத்தான் பக்கத்தில் வைக்க வேண்டும். சாதத்தில் இருப்பதையே மறுபடி கொடுத்தால் திகட்டும்.

உங்கள் ஐந்தையும் அப்படிப் பார்ப்போம். சர்க்கரைப் பொங்கலுக்கு ஒன்றும் வேண்டாம், விட்டுவிடுங்கள். எலுமிச்சையும் புளியோதரையும் புளிப்பும் காரமும் உள்ளவை, கடலையும் பருப்பும் நறுக்கென்று கடிபடும். அங்கே நாக்கு கேட்பது புளிப்பில்லாத, கொழுப்புள்ள, மெத்தென்ற ஒன்று. தேங்காய் சாதம் நேர் எதிர். இனிப்பும் கொழுப்பும் அதிலேயே இருக்கிறது, நாலு வாய்க்கு மேல் மந்தமாகிவிடும். அங்கே உறைப்பும் புளிப்பும் வேண்டும். தயிர் சாதமும் அதே ஜாதிதான். குளுமை, வழவழப்பு, லேசான புளிப்பு. அதற்கு உப்பும் உறைப்பும் மொறுமொறுப்பும் வேண்டும். ஆக ஐந்து சாதத்துக்கு ஐந்து தொடுகறி தேவையில்லை. எலுமிச்சைக்கும் புளியோதரைக்கும் சேர்த்துத் தேங்காய்த் துவையல். தேங்காய் சாதத்துக்கும் தயிர் சாதத்துக்கும் சேர்த்துப் புளி இஞ்சி. எல்லாவற்றுக்கும் பொதுவாக உருளைக்கிழங்குப் பொடிக்கறி. இந்த மூன்றோடு, பொரிக்க வடாமும் மோர் மிளகாயும் இருந்தால் போதும்.

தேங்காய்த் துவையல்தான் இதில் கவனமாகச் செய்ய வேண்டியது. சட்னிக்கும் துவையலுக்கும் பெயர் மட்டுமா வேறு? பச்சைத் தேங்காய், பொட்டுக்கடலை, பச்சை மிளகாய் வைத்துத் தண்ணீர் விட்டு அரைப்பது சட்னி. அதில் ஈரம் அதிகம், எதுவும் தீயில் படவில்லை. காலை ஆறு மணிக்கு அரைத்து, மிக்ஸி சூட்டோடு பாத்திரத்தில் மாற்றி, மூடியும் வைத்துவிட்டால், நம் ஊர் வெயிலில் பத்து, பதினொரு மணிக்கே திரும்ப ஆரம்பித்துவிடும். உங்கள் சட்னிக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். ஓரத்தில் சின்னச் சின்னக் கொப்புளம் கட்டியிருக்கிறதா, கரண்டியைத் தூக்கினால் நூல் போல இழுக்கிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று தெரிந்தாலும் கொட்டிவிட வேண்டியதுதான். எலுமிச்சை பிழிந்து, புதிதாகத் தாளித்துக் கொட்டி அதை ஒப்பேற்றக் கூடாது.

துவையலுக்கு எல்லாமே வறுபடுகிறது, தண்ணீரும் தெளிக்கிற அளவுதான். அதனால் சட்னியைவிட அதிக நேரம் தாங்கும். சாதத்தையும் நனைக்காது. 40 பேருக்கு நடுத்தரமான தேங்காய் இரண்டு போதும். ஒரு இலைக்கு ஒரு மேசைக்கரண்டி, அதாவது 20 கிராம் கணக்கு. ஆறு மேசைக்கரண்டி உளுத்தம்பருப்பை எண்ணெயில் பொன்னிறமாக வறுத்துத் தனியே எடுத்து வையுங்கள். அதே எண்ணெயில் காய்ந்த மிளகாய் 14, ஒரு சின்னக் கட்டிப் பெருங்காயம். கடைசியில் துருவிய தேங்காயைப் போட்டு, அதன் பச்சை வாசனை போய், ஓரம் லேசாகச் சிவக்கும்வரை பிரட்டுங்கள். பழுப்பாகும்வரை விடாதீர்கள், கொப்பரை வாடை வந்துவிடும்.

வழக்கமாக இரண்டு தேங்காய்க்கு ஒரு பெரிய நெல்லிக்காய் அளவு புளி வைப்போம். இங்கே சுண்டைக்காய் அளவு போதும். வெறும் சாதத்தில் பிசைந்து சாப்பிடுகிற துவையலுக்குத்தான் அந்தப் புளிப்பு தேவை. எலுமிச்சை சாதத்துக்கும் புளியோதரைக்கும் பக்கத்தில் அதே அளவு வைத்தால், இரண்டு புளிப்பும் ஒன்றையொன்று முட்டி, எலுமிச்சை மணம் தெரியாமலே போய்விடும். சாதத்தின் புளிப்பைத் தணிக்கத்தானே துவையலை வைக்கிறோம்.

அரைக்கும்போது முதலில் மிளகாய், புளி, உப்பு. அவை மசிந்த பின் தேங்காய். கொதித்து ஆறிய தண்ணீரைக் கையால் தெளித்துத் தெளித்து அரையுங்கள். பச்சைத் தண்ணீர் வேண்டாம், சீக்கிரம் கெடுவதற்கு அதுவும் ஒரு காரணம். வறுத்த உளுத்தம்பருப்பைக் கடைசியில் போட்டு இரண்டே சுற்று. அது ஒன்றிரண்டாக உடைந்து நிற்க வேண்டும், வாயில் அகப்படும்போது அந்த வறுத்த மணம் வரும். எல்லாம் சரியாக வந்ததா என்று பார்க்க ஒரு எலுமிச்சங்காய் அளவு எடுத்து உருட்டுங்கள். உருண்டை நிற்க வேண்டும், உள்ளங்கையில் ஈரம் தங்கக் கூடாது, எண்ணெய்ப் பசை மட்டும் இருக்கலாம். உருட்டும்போதே விரிந்து போனால் தண்ணீர் அதிகம். அப்படியானால் இன்னும் இரண்டு கரண்டி உளுத்தம்பருப்பை வறுத்துப் பொடித்துச் சேருங்கள், இறுகிவிடும். சூடு முழுக்க ஆறின பிறகு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். காலை எட்டு மணிக்கு அரைத்த துவையல் மதியப் பந்தி முடிகிறவரை தாராளமாக இருக்கும். ராத்திரிக்கு மிச்சம் வைக்க வேண்டுமானால் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

இந்தத் துவையலைத் தேங்காய் சாதத்துக்குப் பரிமாறாதீர்கள். சிலர் கேட்பார்கள், கேட்டால் கொடுங்கள். நீங்களாக வைக்க வேண்டாம்.

அதற்குத்தான் புளி இஞ்சி. 200 கிராம் இஞ்சியைத் தோல் சீவிப் பொடிப் பொடியாக நறுக்குங்கள். நார் அதிகமுள்ள முற்றல் இஞ்சி வேண்டாம், நறுக்கிக்கொண்டே வரும்போது கத்தியில் நார் சுற்றினால் தெரிந்துவிடும். 100 மில்லி நல்லெண்ணெயில் கடுகு தாளித்து, பத்துப் பச்சை மிளகாயையும் இஞ்சியையும் போட்டுச் சிறு தீயில் வதக்குங்கள். இஞ்சி சுருங்கி ஓரம் சிவக்க வேண்டும். இங்கே அவசரப்பட்டால் பிறகு எவ்வளவு வெல்லம் போட்டாலும் அந்தப் பச்சைக் காட்டம் போகாது. பிறகு 100 கிராம் புளியைக் கெட்டியாகக் கரைத்து விட்டு, மஞ்சள்தூள், உப்பு, பெருங்காயம் சேர்த்துக் கொதிக்க விடுங்கள். பாதி வற்றினதும் 100 கிராம் வெல்லம். ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்கும்போது இறக்குங்கள். ஆறினால் இன்னும் இறுகும், அதனால் அடுப்பில் கொஞ்சம் தளர்வாக இருக்கும்போதே இறக்குவது நல்லது.

இந்த அளவு 40 பேருக்குத் தாராளம். ஒரு இலைக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் யாரும் தொடமாட்டார்கள், அதற்கு மேல் தொடவும் முடியாது. இரண்டு நாள் முன்னாலேயே செய்து பீங்கான் ஜாடியிலோ கண்ணாடி பாட்டிலிலோ வைத்துவிடுங்கள். ஒருநாள் ஊறினால்தான் இஞ்சியும் வெல்லமும் கலந்து ஒரு ருசிக்கு வரும். செய்த அன்றைக்கே சாப்பிட்டால் காரம் தனியாக, இனிப்பு தனியாக நிற்கும். ஈரக் கரண்டி போடாமல் பார்த்துக்கொண்டால் வெளியிலேயே ஒரு வாரம் இருக்கும்.

தேங்காய் சாதத்துக்கு இது எப்படிச் சேர்கிறது என்று முதல்நாள் நீங்களே சோதித்துப் பாருங்கள். இரண்டு கரண்டி தேங்காய் சாதம், ஒரு கடுகளவு புளி இஞ்சி. தேங்காயின் இனிப்பு மந்தமாகத் தெரியாமல் எழுந்து நிற்கும்.

இப்போது பொடிக்கு வருவோம். பொடியை இலையில் வைக்காதீர்கள், கறியில் போடுங்கள். தஞ்சாவூர்ப் பக்கத்தில் வாழைக்காய், கத்தரிக்காய், உருளைக்கிழங்கு எல்லாவற்றுக்கும் பொடி தூவி இறக்குகிற பழக்கம் உண்டு. காய்க்கு உள்ளே ஈரம் இருக்கிறது, மேலே எண்ணெய் இருக்கிறது, பொடி அதில் அப்படியே பிடித்துக்கொள்ளும். 3 கிலோ உருளைக்கிழங்கு வாங்குங்கள். கடலைப்பருப்பு நான்கு மேசைக்கரண்டி, தனியா நான்கு மேசைக்கரண்டி, காய்ந்த மிளகாய் 12, பெருங்காயம், இவற்றைத் தனித்தனியாக வறுத்து, ரவை பதத்துக்குப் பொடிக்க வேண்டும். நைஸாக அரைத்தால் கறி மேல் மாவு போலப் படியும். இதை முதல்நாளே செய்து டப்பாவில் வைக்கலாம்.

கிழங்கைத் தோலோடு வேகவைத்து, முழுக்க ஆறின பின் உரித்து நறுக்குங்கள். சூட்டோடு நறுக்கினால் உடைந்து மசியலாகிவிடும். இரும்புக் கடாயில் எண்ணெய் காய்ந்ததும் கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளித்து, கிழங்கு, மஞ்சள்தூள், உப்பு போட்டு, அடி சிவக்கச் சிவக்கத் திருப்பிவிடுங்கள். 3 கிலோவையும் ஒரே கடாயில் போட்டால் சிவக்காது, ஆவியிலேயே வெந்துகொண்டிருக்கும். இரண்டு ஈடாகப் போடுங்கள். பொடியைக் கடைசி ஐந்து நிமிஷத்தில், தீயைக் குறைத்த பிறகு தூவுங்கள். முன்னாலேயே போட்டால் தனியா கருகிக் கசக்கும். அந்தக் கசப்பு எலுமிச்சை சாதத்தோடு சேர்ந்தால் இன்னும் தூக்கலாகத் தெரியும். கறியில் தக்காளியோ எலுமிச்சையோ சேர்க்காதீர்கள். வெங்காயமும் வேண்டாம், ஈரம் விடும்.

பொடியை இலையில் வைத்தே ஆக வேண்டும் என்றால் ஒரே ஓர் இடம் இருக்கிறது. தயிர் சாதத்தின் மேல் கறிவேப்பிலைப் பொடியை ஒரு சிட்டிகை தூவலாம். அங்கே ஈரம் இருக்கிறது. பருப்புப் பொடி அதற்குச் சேராது. அது சுடுசாதத்துக்கும் நெய்க்கும் பிறந்தது.

ரைத்தாவைப் பற்றி நீங்கள் வருத்தத்தோடு எழுதியிருப்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். அதன் இடம் பிரியாணி, குஸ்கா, புதினா சாதம், தக்காளி சாதம். பட்டை, கிராம்பு, இஞ்சி பூண்டு, எண்ணெய் எல்லாம் சேர்ந்து காரமாக இருக்கிற சாதத்தில் தயிருக்கு வேலை இருக்கிறது. பாலிலும் தயிரிலும் உள்ள புரதம் மிளகாயின் காரத்தைப் பிடித்துக்கொண்டு போய்விடும், அதனால்தான் ஒரு வாய் ரைத்தாவுக்குப் பிறகு நாக்கு ஆறுகிறது. எலுமிச்சை சாதத்தில் அந்த மாதிரிக் காரமும் மசாலாவும் கிடையாது. அங்கே போனால் தயிரின் புளிப்பு எலுமிச்சையின் புளிப்போடு சேர்ந்து இரட்டிப்பாகும். நீர்த்துப் போனதற்குக் காரணம் உப்பு. நறுக்கின வெங்காயத்திலும் வெள்ளரியிலும் உப்புப் பட்டால் அரைமணி நேரத்தில் தண்ணீரை வெளியே தள்ளிவிடும். எவ்வளவு கெட்டித் தயிராக இருந்தாலும் அது நீர்த்துத்தான் போகும்.

உங்கள் மகளுக்குத் தக்காளி சாதம் பிடிக்கும், தேங்காய் சாதத்துக்குப் பதில் அதை வைக்கலாம் என்று தோன்றினால், அப்போது ரைத்தா வையுங்கள். 2 லிட்டர் கெட்டித் தயிர், முக்கால் கிலோ வெங்காயம். வெங்காயத்தை நறுக்கித் தனியே மூடி வையுங்கள். தயிரைக் கடைந்து குளிரவிடுங்கள். இலை போடும்போது பாதியை மட்டும் கலந்து உப்புப் போடுங்கள், இரண்டாம் பந்திக்கு மறு பாதி. தாளிப்பைச் சூட்டோடு கொட்டினால் தயிர் திரிந்து திப்பிதிப்பியாக நிற்கும், அதை ஆறவிட்டுக் கொட்டுங்கள். இலையில் வைக்காமல் சின்னக் கிண்ணத்தில் கொடுத்தால் பக்கத்துச் சாதத்துக்கு ஓடாது.

புளியோதரையைப் பற்றி ஒரு வார்த்தை. பெருமாள் கோவிலில் தொன்னையில் வாங்கிச் சாப்பிடும்போது நாம் யாரும் தொட்டுக்கொள்ள ஒன்றும் தேடுவதில்லை. நன்றாகச் செய்த புளியோதரைக்கு எதுவுமே வேண்டாம், ஒரு வடாம் இருந்தால் சந்தோஷம். அதனால் துவையல் பற்றாமல் போகும்போல் இருந்தால் எலுமிச்சை சாதத்துக்கு முதலிடம் கொடுங்கள். எலுமிச்சை சாதம் தனியாக நிற்காது. அதே சமயம் புளிக்காய்ச்சல் காய்ச்சும்போது ஒரு கிண்ணம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தயிர் சாதத்துக்கு அதைத் தொட்டுக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் எந்தப் பந்தியிலும் நாலு பேர் இருப்பார்கள்.

தயிர் சாதம் எப்படிக் கலக்கிறீர்கள் என்பதும் தொடுகறியைப் பொறுத்த விஷயம்தான். காலையிலேயே முழுக்கத் தயிர் ஊற்றிக் கலந்துவிட்டால் மதியம் புளித்துவிடும். புளித்த தயிர் சாதத்துக்கு எந்தத் தொடுகறியும் சேராது, புளி இஞ்சி நிச்சயம் சேராது. 40 பேருக்கு 1¼ கிலோ அரிசியைக் குழைய வடித்து, சூட்டோடு மசித்து, காய்ச்சி வெதுவெதுப்பாக ஆறிய பால் 3 லிட்டர், புளிக்காத தயிர் 300 மில்லி சேர்த்துக் காலை ஒன்பது மணிக்குக் கலந்து வையுங்கள். பால் உள்ளேயே தோய்ந்து, மதியம் இலைக்கு வரும்போது இனிப்புப் போகாத தயிராக இருக்கும். கலந்தவுடன் பாயசம் போலத் தளர்வாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள், இறுகிவிடும். உப்பை வழக்கத்தில் முக்கால் பங்கு போடுங்கள். மோர் மிளகாய், புளி இஞ்சி இரண்டிலும் உப்பு இருக்கிறது.

மற்ற சாதங்களுக்கு அரிசி: எலுமிச்சைக்கும் தேங்காய்க்கும் தலா 1 கிலோ, புளியோதரைக்கு 1¼ கிலோ, சர்க்கரைப் பொங்கலுக்கு அரை கிலோ. தயிர் சாதத்தையும் சேர்த்து 5 கிலோ வருகிறது. ஆளுக்கு 125 கிராம், வீட்டு விசேஷத்துக்குச் சரியாக இருக்கும்.

வேலை இப்படி ஓடட்டும். இரண்டு நாள் முன்னால் புளி இஞ்சி, புளிக்காய்ச்சல். முதல்நாள் கறிப்பொடி, தேங்காய் துருவி ஃபிரிட்ஜில் வைப்பது. அன்று காலை எட்டுக்குத் துவையல், ஒன்பதுக்குத் தயிர் சாதம், பத்து மணிக்கு மேல் உருளைக்கிழங்கு. பந்திக்கு அரைமணி முன்னால் வடாம் பொரியுங்கள்.

மோர் மிளகாயைப் பந்தி பாதி போகும்போது பொரிக்கச் சொல்லுங்கள். இதில் நிறையப் பேர் தவறுகிறார்கள். மிளகாய் எண்ணெயில் விழுந்தவுடன் சடசடவென்று நிறம் மாறும், அதைப் பார்த்து உடனே எடுத்துவிடுவார்கள். அப்போது மேல்தோல்தான் பொரிந்திருக்கும், உள்ளே விதைப் பக்கம் இன்னும் ஈரம் இருக்கும், கடித்தால் தோல் போல இழுக்கும். தீயைக் குறைத்து, கருஞ்சிவப்பைத் தாண்டிக் காப்பிக்கொட்டை நிறத்துக்கு வரும்வரை விடுங்கள். எடுத்து ஒன்றை இரண்டாக உடைத்தால் சத்தம் வர வேண்டும். காம்போடு இலையில் வையுங்கள், தயிர் சாதம் வந்த பிறகு வையுங்கள். முன்னாலேயே வைத்தால் இலையின் ஈரத்தில் நமுத்துப்போகும்.

இலையில் வைக்கிற வரிசை: மேல்பக்கம் இடது ஓரத்தில் புளி இஞ்சி ஒரு துளி, அதையடுத்துத் துவையல், பிறகு பொடிக்கறி, வடாம். கீழ்ப்பக்கம் பொங்கல், எலுமிச்சை, தேங்காய், புளியோதரை, கடைசியில் தயிர் சாதம். புளியோதரையும் தயிர் சாதமும் அடுத்தடுத்து வந்தால் நல்லது, சாப்பிடுகிறவர்கள் தாங்களாகவே இரண்டையும் கலந்து ஒரு வாய் எடுப்பார்கள்.

உங்கள் மகளுக்கு ஏழாம் மாதமாக இருந்தால், புளியும் காரமும் நெஞ்செரிச்சலைக் கிளப்பலாம். அவளுடைய இலையில் புளியோதரையைக் குறைத்து, தேங்காய் சாதமும் தயிர் சாதமும் கூடுதலாக வையுங்கள், துவையலில் மிளகாய் தூக்கலாக இருந்தால் கறியோடு நிறுத்திக்கொள்ளட்டும். புளி இஞ்சி மிச்சமானால் ஒரு சின்ன பாட்டிலில் போட்டு அவளுக்குக் கொடுத்தனுப்புங்கள். தயிர் சாதத்துக்கு ஒரு சொட்டு, அதற்கு மேல் வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள்.